மேனேஜர் போறார்... அதுக்கு எதுக்கு புல்லாங்குழல்?

முதலில் ஒரு வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், எந்த ஆபீசில் எடுத்தது என்பதுதான் வேறாக இருக்கும். கறுப்புத் திரை. அதில் மெதுவாக ஒரு வாக்கியம் தோன்றும்: "சில பயணங்கள் முடிவதில்லை..." மூன்று புள்ளி முக்கியம். பின்னணியில் புல்லாங்குழல். அடுத்து மலை மேல் சூரியன். அடுத்து ஒருவர் கேக் வெட்டுகிற போட்டோ, அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். "அவர் வெறும் மேனேஜர் இல்லை, எங்கள் குடும்பத்தின் தூண்." நாலரை நிமிடம். கடைசியில் எல்லோரும் கட்டை விரலைத் தூக்கி நிற்கிற குரூப் போட்டோ.

இதில் அந்த மனிதரின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டால் ஏதாவது கெட்டுப்போகுமா? போகாது. பேங்க் மேனேஜருக்கும் போடலாம், பஸ் டெப்போ மேனேஜருக்கும் போடலாம். அப்படி யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வீடியோவை எப்படி மனதிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக என் வகுப்புத் தோழன் என்னிடம் ரெண்டு நாள் பேசவில்லை. (அந்த வீடியோ அவன் எடிட் செய்தது.)

சும்மா குறை சொல்லிவிட்டுப் போக வரவில்லை. அப்படி ஒரு வீடியோவை நானே எடுத்து, அசிங்கப்பட்டு, மறுபடி எடுத்தேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் நான் எதற்குச் சண்டை போடுகிறேன் என்பது புரியும்.

எனக்கு ஊர் போடிக்குப் பக்கம் பொட்டிபுரம். வெளியூரில் ஊர் பேரைச் சொன்னால் "நியூட்ரினோ வருமே, அந்த ஊரா?" என்பார்கள். ஆமாம், அதே ஊர்தான். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அதிலிருந்து வழக்கும் எதிர்ப்புமாகவே ஓடியது. அந்தக் கதை இன்னொரு நாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தத் திட்டத்தைப் பற்றி எங்கள் ஊரில் எத்தனையோ பேர் வந்து அழகழகாக விளக்கினார்கள். நம்மாட்கள் கேட்டது "தண்ணிக்கு என்ன ஆகும்? மலைக்கு என்ன ஆகும்?" என்றுதான். பேச்சு எவ்வளவு இனித்தாலும் தங்களுக்கு வேண்டிய விஷயம் அதில் இருக்கிறதா என்று பார்க்கிற ஜனம். என் வீடியோவும் அவர்கள் முன்னால்தான் ஓட வேண்டியிருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போடியில் ஒரு ஏலக்காய் குடோன். யாருடையது என்று கேட்காதீர்கள். மலையில் விளைந்து, அங்கேயே ஸ்டோரில் காய வைத்து, சாக்கில் இறங்குகிற காயைத் தரம் பிரித்து அனுப்புகிற இடம். சல்லடையில் அளவு பிரித்தபின் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தட்டில் கொட்டி, வெடித்த காய், நிறம் போன காய், காம்பு எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுப்பார்கள். அங்கே 26 பெண்கள் பொறுக்குகிறார்கள். எடை போடுகிறவர், மூட்டை தூக்குகிறவர்கள், டிரைவர்கள், கணக்கு எழுதுகிறவர் எல்லாம் சேர்த்தால் 40 பேர் வரும். பதினோரு வருடம் அதைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார். முதலாளியின் மகன் எனக்கு சீனியர், அவர் மூலமாக இந்த வேலை என் தலையில் விழுந்தது. "சார் ஒரு மெயில் எழுதியிருக்கார்டா. அத வச்சு சின்னதா, டச்சிங்கா ஒரு வீடியோ."

மெயிலைத் திறந்தேன். இங்கிலீஷில் 612 சொல். கனத்த இதயத்தோடு எழுதுகிறேன் என்று ஆரம்பம். அடுத்து, சேர்ந்தபோது வருடத்துக்கு எத்தனை மூட்டை, இப்போது எத்தனை மூட்டை. மூன்றாவது பத்தியில் 2019 விலை. (அந்த ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, ஏலக்காய் யாவாரத்தில் இருக்கிற எல்லோரும் அதைப் பற்றி ஒரு பத்தி பேசுவார்கள்.) நாலாவது பத்தியில் ஒரே ஒரு வரி: வேலை நெருக்கடியில் என் வார்த்தைகள் யாரையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். ஐந்தாவதில் முதலாளி குடும்பத்துக்கு நன்றி. ஆறாவதில் அடுத்து யார் பொறுப்பு என்பது, அதுவும் ஒரு துணை வாக்கியத்துக்குள்ளே ஒளிந்துகொண்டு. கடைசியில், தொடர்பில் இருப்போம்.

மெயில் தப்பில்லை. மெயில் அப்படித்தான் இருக்கும். முதலாளி படிப்பார், கணக்கர் படிப்பார், நாளைக்கு வேறு கம்பெனியிலும் யாராவது படிக்கலாம். அதனால் அது கொஞ்சம் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. ஆனால் வீடியோ யாருக்கு? அந்த 26 பேரில் பாதிக்கு மேல் இங்கிலீஷ் படிக்க மாட்டார்கள். அவர்களுக்கு மெயிலே வரவில்லை! பதினோரு வருடமாக அந்த மனிதரை அதிகம் பார்த்தவர்களுக்கு அவருடைய விடைபெறும் கடிதம் போய்ச் சேரவே இல்லை. வீடியோவுக்கு வேலை இருப்பதே இங்கேதான். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் தடவை நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 612 சொல்லையும் தமிழாக்கி, பாதியாகச் சுருக்கினேன். "எண்ணிக்கையில் வளர்ந்தோம், எண்ணத்திலும் வளர்ந்தோம்" என்று நானே ஒரு வரி சேர்த்தேன். போடிமெட்டு வளைவுகளை ஒரு நண்பனின் ட்ரோன் படத்திலிருந்து எடுத்துப் போட்டேன். புல்லாங்குழலும் போட்டேன். (ஆமாம்.) நாலு நிமிடம் பத்து வினாடி. சாரிடம் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"நல்லாருக்கு தம்பி. யாரு இது?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அந்த வீடியோவில் பேசுகிற ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

என் முதல் வாதம் இங்கிருந்துதான் வருகிறது. எழுதின செய்தியைச் சுருக்கினால் வீடியோ வசனம் கிடைத்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிடைக்காது. சுருக்கும்போது முதலில் கழன்று விழுவது குறிப்பான விஷயங்கள். "2020 ஜூனில் ஒரு காலை" என்பது "கடினமான காலங்களில்" என்று ஆகிவிடும். ஒரு ஆளின் பேர் "ஊழியர்கள்" ஆகிவிடும். மிஞ்சுவது சக்கை. அந்தச் சக்கைக்கு ருசி ஏற்றத்தான் இசையைக் கொட்டுகிறோம். சுருக்குவதற்குப் பதிலாக முக்கால்வாசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சக் காலை விரிக்க வேண்டும். ஆறு பத்தியில் ரெண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அந்த ரெண்டும் மெயிலில் இருந்ததைவிட நீளமாக வர வேண்டும்.

எந்த ரெண்டு? அதை மெயிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆளிடம் கேட்க வேண்டும். மறுநாள் ஒரு டீயோடு போய் உட்கார்ந்தேன். போனில் ரெக்கார்டரைப் போட்டேன். "உங்க அனுபவத்தச் சொல்லுங்க சார்" என்று கேட்டால் மறுபடி மெயில்தான் வரும், அதனால் மூன்றே கேள்வி வைத்திருந்தேன். இங்கே உங்களுக்கு வேலை கற்றுக் கொடுத்தது யார்? எந்த நாளில் வேலையை விட்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது, ஏன் ஓடவில்லை? யாரிடமாவது சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. பொறுக்குகிறவர்களில் மூத்தவர், எல்லோரும் பெரியக்கா என்பார்கள். சேர்ந்த புதிதில் சார் காயை நிறத்தை வைத்தே எடை போட்டுக்கொண்டிருந்தாராம். நல்ல பச்சை என்றால் நல்ல காய். பெரியக்கா ஒரு பிடியை எடுத்து அவர் கையில் போட்டு, "பச்சையப் பாக்காதீக, தூக்கிப் பாருங்க" என்றதாம். உள்ளே விதை முற்றாத காயும் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் கையில் கனக்காது. யாவாரிகள் லிட்டர் வெயிட் என்று ஒரு லிட்டர் அளவுக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பதும் இதற்குத்தான். பதினோரு வருடத் தொழிலை அவருக்குத் தொடங்கி வைத்த வாக்கியம் இது. மெயிலில் இல்லை.

ரெண்டாவது கேள்விக்கு 2020. மார்ச் ஊரடங்கில் ஏலம் நின்றது. எல்லை மூடியது, நம் பக்கத்திலிருந்து தினம் ஜீப்பில் இடுக்கித் தோட்டங்களுக்குப் போகிற ஆட்கள் போக முடியவில்லை. குடோனும் பூட்டு. ஜூனில் திறந்த அன்றைக்கு யார் வருவார்கள் என்று அவருக்கே தெரியாது. போய்ப் பார்த்தால் 26 பேரும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே பொறுக்கக் காய் இல்லை. அதைச் சொன்னதும் ஒருவர்கூட எழுந்து போகவில்லையாம். தட்டையும் சல்லடையையும் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மெயிலில் இது "பெருந்தொற்றுச் சவால்களை ஒன்றாக எதிர்கொண்டோம்" என்று இருந்தது. இது இப்படித்தான் இருக்கும், கவனித்துப் பாருங்கள். நடந்தது ஒன்றை யாரோ மொழுகி வைத்திருப்பார்கள். மெயிலில் எந்த வரி ரொம்ப வழவழப்பாக இருக்கிறதோ, அதற்கு அடியில்தான் கதை கிடக்கும்.

மூன்றாவது கேள்விக்கு ரெக்கார்டரில் நாற்பது வினாடி ஒன்றுமே இல்லை. வெளியே ஆட்டோ சத்தம் மட்டும். அப்புறம் சொன்னார். ஒரு தடவை ரெண்டு மூட்டை கணக்கில் குறைந்தது. எடை போடுகிறவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கத்தியிருக்கிறார், திருட்டுப் பட்டம் கட்டாத குறையாக. மூன்றாம் நாள் மூட்டை பக்கத்து அறையில் வேறு சரக்குக்கு அடியில் கிடைத்தது. "கெடச்சிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் தம்பி. ஆனா நான் கத்தினது தப்புன்னு சொல்லல." அது நடந்து ஆறு வருடம். எடை போடுகிறவர் அதற்கப்புறம் அவரை "அண்ணே" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "சார்" என்று மாற்றிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் இறங்கியது.

நாலாவது பத்தியின் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் இப்போது தெரிகிறதா? "யாரையாவது புண்படுத்தியிருந்தால்." அந்த "யாரையாவது" ஒரு ஆள். "இருந்தால்" எல்லாம் இல்லை, புண்படுத்தியாயிற்று.

இனிமேல்தான் சண்டை. சீனியரிடம் இதைச் சொன்னதும் அவருக்கு ஒரே குஷி. "செமடா! அத வீடியோல வச்சுரு. கேமரா முன்னாடி மன்னிப்பு கேக்கட்டும், அந்த அண்ணன் மூஞ்சிக்கு கட் பண்ணு, எல்லாரும் அழுதுருவாங்க." நான் முடியாது என்றேன். இதில் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாற்பது பேர் சுற்றி நிற்க, திரையில் மேனேஜர் மன்னிப்புக் கேட்கிறார் என்றால், அந்த மனிதரால் "எனக்கு மனசு ஆறலை" என்று சொல்ல முடியுமா? சிரித்துத்தான் ஆக வேண்டும். முதல் தடவை எல்லோர் முன்னாலும் அவரைக் குற்றவாளியாக நிற்க வைத்தார்கள். இப்போது எல்லோர் முன்னாலும் மன்னித்தவராக நிற்க வைக்கப் போகிறோம். ரெண்டு தடவையும் அவரை யாரும் கேட்கவில்லை. இதற்குப் பேர் மனதைத் தொடுவதா?

அதே சமயம் முழுக்க விட்டுவிடுவதும் சரியில்லை. கத்தினது நாற்பது பேர் காதில் விழுந்தது, தப்பு என் மேல் என்பது ஒருத்தர் காதில் மட்டும் விழுந்தால் கணக்கு நேராகாது. அதனால் சாரிடம் சொன்னேன்: முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பேசுங்கள். கேமரா வேண்டாம், நானும் வரமாட்டேன். அப்புறம், இதை எல்லோரிடமும் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வீடியோவில் ஒரு வார்த்தைகூட வராது. சரி என்றால் பேர் சொல்லாமல் சொல்லலாம், எல்லோருக்கும் யார் என்று தெரியும். சார் ரெண்டு நாள் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போன் செய்து, "சொல்லலாம்னுட்டாரு. பேரு வேணாமாம். மொகத்த காட்ட வேணாமாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், நானும் மேலே கேட்கவில்லை.

அடுத்த சண்டை "குடும்பம்" என்ற சொல்லுக்கு. சீனியர் எப்படியாவது "நாம் ஒரு குடும்பம்" வர வேண்டும் என்றார். அதைக் கேட்கப் போகிற 26 பேரும் தினக்கூலி. வந்த நாளுக்குச் சம்பளம், வராத நாளுக்கு இல்லை. காய் வரத்து குறைந்தால் பாதிப் பேரை வரவேண்டாம் என்பார்கள். எந்தக் குடும்பத்தில் அப்படிச் செய்வார்கள்? மேனேஜருக்கு அந்தச் சொல் இதமாக இருக்கலாம், கேட்கிறவருக்கு அது கணக்கில் வராத காசு. "பயணம்", "தூண்", "என்றும் உங்கள் நினைவில்" எல்லாமே இதே ரகம்தான். நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான்: இந்த வரியை சார் பெரியக்கா முகத்தைப் பார்த்து, டீக்கடை வாசலில் நின்று சொல்வாரா? சொல்லமாட்டார் என்றால் வசனத்தில் வேண்டாம். "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொன்னால் பெரியக்கா, "என்ன சார், மேலுக்கு முடியலையா?" என்று கேட்கும்.

இதெல்லாம் சின்ன ஊர் குடோனுக்குச் சரி, பெரிய இடங்களில் எப்படி என்று கேட்கலாம். ரெண்டு பெரிய ஆட்களின் கடிதம் பொதுவில் இருக்கிறது, தேடிப் படித்துப் பாருங்கள். 2011 ஆகஸ்ட் 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி எழுதினது ஒரு பக்கம்கூட இல்லை. கடமையைச் செய்ய முடியாத நாள் வந்தால் அதை உங்களிடம் முதலில் சொல்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தேன், அந்த நாள் வந்துவிட்டது என்கிறார். உடனே விலகல். உடனே அடுத்தது டிம் குக் என்ற சிபாரிசு. அப்புறம்தான் அங்கே கிடைத்த நண்பர்களைப் பற்றி. நோய் என்ற சொல்லே இல்லை, ஆனால் படிக்கிறவருக்குத் தெரியும். ஆறு வாரத்தில் இறந்துபோனார். இன்னொன்று 2013 பிப்ரவரி 28, குரூப்பான் கம்பெனியின் ஆண்ட்ரூ மேசன். குடும்பத்தோடு நேரம் செலவிடப் போகிறேன் என்று வழக்கமான பொய்யைச் சொல்லி, அடுத்த வரியிலேயே சும்மா சொன்னேன், என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று எழுதினார். கம்பெனியின் எண்கள் சரியில்லை, பொறுப்பு என்னுடையது என்றும் எழுதினார். இந்த ரெண்டு கடிதத்தையும் யாருக்கும் மாற்றிப் போட முடியாது. நான் இவற்றிலிருந்து திருடியது வரிசையை மட்டும்: போகிறேன், இனி யார், அப்புறம் மற்றது. கேட்கிறவர்கள் மனதில் ஓடுவது "நாளைக்கு லீவு யார்கிட்ட கேக்கணும்?" என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்கிறவரை நீங்கள் சொல்கிற எந்தக் கதையும் காதில் ஏறாது. மெயிலில் ஆறாவது பத்தியில் இருந்ததை நான் இரண்டாவது வாக்கியத்துக்குக் கொண்டுவந்தேன்.

நீளத்தைப் பற்றி. சாரை ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 90 சொல்லுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. நம் சொற்கள் நீளம், இங்கிலீஷ்காரர்கள் சொல்கிற நிமிடத்துக்கு 130, 150 என்ற கணக்கை இங்கே போட்டால் ஆள் மூச்சு வாங்குவார். முக்கால் மணி நேர சாப்பாட்டு இடைவேளையில் காட்ட வேண்டும், போனில் பார்ப்பவர்களும் உண்டு, ஒண்ணேகால் நிமிடம் போதும் என்று வைத்தேன். அப்படியானால் நூற்றிப் பத்து சொல்லுக்கு மேல் போகக்கூடாது. இதோ கடைசியில் நின்ற வசனம்:

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசம் முப்பதாந் தேதியோட நான் போறேன். இனிமே இங்க கணக்கு அண்ணன்தான் பாத்துக்குவாரு. லீவு, சம்பளம், எதுன்னாலும் அவர்கிட்டயே கேளுங்க.

எனக்குக் காய் பாக்கச் சொல்லிக் குடுத்தது பெரியக்கா. பச்சையப் பாக்காதீக, தூக்கிப் பாருங்கன்னு சொன்னாங்க. நான் வேற எதையும் இங்க புதுசா படிக்கல, அத வச்சேதான் பதினோரு வருசம் ஓட்டினேன்.

கொரோனா சமயம் மறுபடி கதவு தெறந்த அன்னிக்கு, நீங்க வருவீங்களான்னே எனக்குத் தெரியாது. வந்து பாத்தா இருபத்தாறு பேரும் வாசல்ல ஒக்காந்திருக்கீங்க. உள்ள காயே இல்லன்னேன். தட்டையாவது கழுவி வச்சுட்டுப் போறோம்னீங்க. அன்னிக்குக் கூலி அரை நாளுக்குத்தான் குடுத்தேன். முழுசாக் குடுத்திருக்கணும்.

இன்னொண்ணு. ரெண்டு மூட்ட காணாமப் போனப்ப ஒருத்தர் மேல பழியப் போட்டுக் கத்தினேன். அவர்கிட்டப் போயிப் பேசிட்டேன். நீங்களும் அன்னிக்குக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க, அதனால உங்ககிட்டயும் சொல்றேன். தப்பு எம்மேலதான்.

போயிட்டு வரேன்."

கூலி பற்றிய வரியை நான் எழுதவில்லை. ஒத்திகையில் அவராகச் சொன்னது. சீனியருக்கு அது பிடிக்கவில்லை, அவர் அப்பாவுக்கும் பிடிக்காது என்றார். நியாயம்தான், முதலாளியின் காசைப் பற்றிய பேச்சு. கடைசியில் சார்தான் அவரிடம் சொன்னார்: "அன்னிக்கு முடிவு பண்ணுனது நான். உங்கப்பாவக் கேக்கல. நான் பண்ணுனதத்தான் சொல்றேன்." அதோடு வரி நின்றது.

எதை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டைக் கணக்கு போயிற்று, 2019 விலை போயிற்று. அந்த விலை ஏறினபோது பொறுக்குகிறவர்கள் கூலி அதோடு ஏறவில்லை, அதை அவர்கள் முன் பெருமையாகச் சொன்னால் வேறு மாதிரிக் கேட்கும். ஏன் போகிறார், எங்கே போகிறார் என்பது போயிற்று, அது அவருக்கும் முதலாளிக்கும் உள்ள பேச்சு. முதலாளிக்கு நன்றி மெயிலிலேயே இருக்கட்டும். "அடிக்கடி வந்து பார்ப்பேன்" என்பதை சாரே அடிக்கச் சொன்னார், "வரமாட்டேன் தம்பி, தெரியும்" என்று.

எடுத்த விதம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போனைக் காய்த் தட்டுகள் அடுக்கின மேசை மேல் அவர் கண் உயரத்துக்கு வைத்தேன். எழுதினதைக் கையில் கொடுக்கவில்லை, மூன்று தடவை படிக்கச் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். அதனால் சில சொல் மாறியது, மாறட்டும் என்று விட்டேன். லென்சுக்கு மேலே ஒரு சாக்குத் துண்டைத் தொங்கவிட்டு, "இங்க பெரியக்கா ஒக்காந்திருக்கு, அதப் பாத்துப் பேசுங்க" என்றேன். இசை இல்லை. கீழே எழுத்து மட்டும் போட்டேன், டிரைவர்கள் ஜீப் சத்தத்தில் பார்ப்பார்கள் என்று. நாலு தடவை எடுத்து ரெண்டாவதை வைத்துக்கொண்டேன், நாலாவதில் அவர் நடிக்க ஆரம்பித்துவிட்டார்.

என் தோழன் (ரெண்டு நாள் பேசாதவன்) இதைப் படித்துவிட்டு, "ஒரு டச்சிங் வீடியோவுக்கு இவ்ளோ சீனா? ஜனங்க பாத்து சந்தோசப்பட்டாப் போதாதா?" என்பான். போதும்டா. ஆனால் அதற்கு அந்த மனிதர் எதற்கு? சந்தோசத்துக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு கேக்கைக் கொடுத்தால் முடிந்தது. அவர் பேரில் அவர் சொல்லாததைச் சொல்லவைத்து, அவர் சொல்ல நினைத்ததை இசைக்கு அடியில் புதைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கடைசி நாள் மதியம், பொறுக்கும் அறையில் டி.வி.யை மாட்டி ஓட விட்டோம். யாரும் குலுங்கி அழவில்லை. பெரியக்கா தன் பேர் வந்ததும் பக்கத்தில் இருந்தவரைத் தோளில் ஒரு அடி அடித்தது. கூலி வரி வந்தபோது யாரோ பின்னாலிருந்து "அதச் சொல்லுங்க!" என்றார்கள், ஒரே சிரிப்பு. மூட்டை விஷயம் வந்தபோது சிரிப்பு நின்றது. எடை போடுகிறவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்கக்கூடாது என்று நான் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்தார். "நல்லா எடுத்துருக்க தம்பி. ஆனா அந்தப் பொகை ஃபேனை நிப்பாட்டிட்டு எடுத்திருக்கலாம்ல? அண்ணன் பேசுறது பாதி கேக்கல."